முன்பின் தெரியாதவருக்கு ஒரு விற்பனைக் கடிதம்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் நடத்துபவர் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது விற்பனை மெயில்கள். நூல், ஜிப், அட்டைப்பெட்டி, சாஃப்ட்வேர் என்று பொருள்தான் மாறும், வாசகம் மாறாது. "மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் இருபது ஆண்டுகளாக இத்துறையில் முன்னணியில் இருக்கிறோம். கேட்லாக் இணைத்துள்ளோம். பேசுவதற்கு நாளை அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?" படிப்பவர் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அழித்துவிடுகிறார். அதில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருடைய நேரத்தை மட்டும் கேட்கிறது.

அதே ஊரில் லேபிள் அச்சடிக்கும் சிறு தொழிலதிபர் ஒருவர் புது வாடிக்கையாளர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் முகவரிகளை விலைக்கு வாங்கி ஒரே கடிதத்தை எல்லோருக்கும் தட்டிவிடாமல், குழந்தை உடைகளைச் சொந்த பிராண்டில் ஐரோப்பாவுக்கு நேரடியாக விற்கும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தைத் திறக்கிறார். படத்தைப் பெரிதாக்கி லேபிளைப் படிக்கிறார். பிறகு எழுதுகிறார்:

"பொருள்: உங்கள் பேபி ரோம்பர் லேபிளில் ஐரோப்பிய முகவரி

வணக்கம் மேடம். உங்கள் தளத்தில் உள்ள ரோம்பர் படத்தில் வாஷ்கேர் லேபிளைப் பார்த்தேன். துணி விவரம் இருக்கிறது, ஐரோப்பியப் பொறுப்பாளரின் முகவரி தெரியவில்லை. 2024 டிசம்பர் 13 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, வெளிநாட்டில் தயாரான பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவருடைய பெயர், அஞ்சல் முகவரி, மெயில் முகவரி ஆகியவை பொருளிலோ பாக்கிங்கிலோ பார்சலிலோ உடன் வரும் ஆவணத்திலோ இருக்க வேண்டும். உங்கள் கவரில் ஏற்கெனவே அச்சடித்திருந்தால் இந்த மெயிலை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வாஷ்கேர் லேபிளின் பின்பக்கத்தில் சேர்த்துவிடலாம். இப்போது உங்களுக்கு லேபிள் தருபவரே அதைச் செய்துவிட முடியும். நாங்களும் இந்த லேபிள்தான் அச்சடிக்கிறோம். வரிகள் எப்படி அமையும் என்று ஒரு மாதிரி வரைந்து அனுப்பட்டுமா?"

இந்தக் கடிதத்தின் உயிர் "இப்போது உங்களுக்கு லேபிள் தருபவரே" என்ற வரியில் இருக்கிறது. விற்க வந்தவர் தன் போட்டியாளருக்கே வேலையைக் கைகாட்டுகிறார். அந்த அம்மையார் இவரிடம் ஒரு லேபிள்கூட வாங்காவிட்டாலும், கடிதத்தால் அவருக்குக் கிடைத்த பயன் கையை விட்டுப் போகாது. உதவுகிற மெயிலையும் நெருக்குகிற மெயிலையும் பிரித்துப் பார்க்க இதுவே வழி: சொந்தக் கம்பெனியைப் பற்றிய வரிகளைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அது நோட்டீஸ்.

தவறு நேரக்கூடிய இடமும் இதேதான். விதியை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு "அபராதம் விழும், சரக்கு திரும்பி வரும்" என்று எழுதினால் உதவி மிரட்டலாகிவிடும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். அதனால்தான் மேலே உள்ள கடிதம் "முகவரி இல்லை" என்று அடித்துச் சொல்லாமல் "தெரியவில்லை" என்கிறது, கவரில் இருக்கலாம் என்றும் இடம் விடுகிறது. பேரைப் போட்டுவிட்டு "உங்கள் தளம் அருமை" என்று ஒரு வரி சேர்ப்பது யாரையும் ஏமாற்றாது. இதற்கு முன் பேசியதே இல்லாதபோது பொருள் வரியில் "Re:" போடுவது ஏமாற்று வேலை. வணிக மெயிலில் தவறான பொருள் வரி கூடாது என்று அமெரிக்காவில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது.

கடைசியில் வரும் கேள்வி சிறியது. 'சரி, அனுப்புங்கள்' என்று போனிலேயே தட்டிவிடலாம். அரை மணி நேரச் சந்திப்பு அப்படியல்ல, அதற்கு அவர் தன் நாளையே புரட்டிப் பார்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால்? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை எழுதலாம், அதிலும் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், அந்த மாதிரி வரைவையே இணைப்பதுபோல. "என் மெயிலைப் பார்த்தீர்களா" என்று நான்கு முறை கேட்டால், ஐந்தாவது ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். தனக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த முகவரியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மொத்தமாக அனுப்புவோருக்கு இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோர் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்தை எட்டவிடக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினாலே வரம்பு வந்துவிடும். அதன்பின் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்கூட போய்ச் சேராத நிலை வரலாம். ஜெர்மனியில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே நிறுவனங்களுக்கு அனுப்பும் விளம்பர மெயிலுக்கும் பொதுவாக முன்சம்மதம் தேவை.

லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதினால் ஒருவரால் ஒரு நாளில் ஐந்தாறு கடிதம்தான் எழுத முடியும். அந்த ஐந்தாறு போதும்.