துருவுக்கு அடியில் இருக்கும் உப்பு

பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த கேட், ஆடி பிறப்பதற்குள் அடிப்பட்டையில் கொப்புளம் விட்டுவிடுகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர், பாலவாக்கம் என்று சென்னையின் கடலோரத் தெருக்களில் இது வருடா வருடம் நடக்கிறது. வீட்டுக்காரர் அடுத்த முறை விலை கூடிய பெயின்டாக வாங்குகிறார். அதுவும் அதே இடத்தில், அதே மாதிரி கொப்புளம் விடுகிறது. பெயின்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

திருவான்மியூரில் ஒரு நண்பர் வீட்டு மெயின் கேட்டை எடுத்துக்கொள்வோம். பத்தடி அகலம், ஐந்தடி உயரம். சுற்றிலும் பாக்ஸ் பைப் சட்டம், நடுவில் தகடு. ஏழு மாதத்துக்கு முன்புதான் ரெட் ஆக்சைடு பிரைமரும் கறுப்பு எனாமலும் அடித்திருந்தார்கள். தகட்டின் நடுப்பகுதி இன்னும் பளபளப்பாகவே இருந்தது. அடிச் சட்டத்தில் மட்டும் பட்டாணி அளவில் கொப்புளங்கள். ஒன்றைப் பேனாக்கத்தியால் கீறித் தூக்கினால் பெயின்ட் தோல் மாதிரி எழுந்து வந்தது. அந்தத் தோலின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் முக்கியம். உட்புறம் சுத்தமான சிவப்பாக இருந்து, இரும்பும் வெறுமையாகத் தெரிந்தால், பிரைமர் எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ ஈரத்தின் மேலோ அடிக்கப்பட்டிருக்கிறது. எனாமல் மட்டும் உரிந்து பிரைமர் இரும்போடு நிற்கிறது என்றால் இரண்டு பூச்சுக்கும் ஒட்டவில்லை. இங்கே இரண்டும் இல்லை. உட்புறத்தில் கரும்பழுப்புத் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில், இரும்பில் விழுந்திருந்த சின்னச் சின்னக் குழிகளில் கசகசவென்று ஈரம். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது.

அந்த ஈரத்துக்குக் காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்பில் சாப்பாட்டு உப்போடு மக்னீசியம் குளோரைடும் உண்டு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதமே போதும். கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் உப்புப் படிந்த இரும்பு, நமக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், அநேகமாக எப்போதும் நனைந்தே இருக்கிறது.

துரு பிடிப்பது ஒரு மின்வேதி வினை. கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் இதை ஒரே ஒரு உப்புநீர்த் துளியை வைத்துக் காட்டினார். துளியை இரும்புத் தகட்டின் மேல் விட்டால், ஆக்சிஜன் எளிதில் எட்டாத துளியின் நடுவில் இரும்பு கரைகிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் ஓரத்தில் காரம் உண்டாகிறது. இரண்டுக்கும் இடையில் வளையமாகத் துரு படிகிறது. பெயின்டுக்கு அடியிலும் நடப்பது இதேதான். பெயின்ட் தண்ணீரையும் ஆக்சிஜனையும் முழுக்கத் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். மெல்லிய பூச்சு வழியாக இரண்டுமே ஊடுருவுகின்றன. நல்ல பூச்சு தடுப்பது மின்னூட்டம் கொண்ட அயனிகளின் நடமாட்டத்தைத்தான். உப்பைப் பெயின்டுக்குக் கீழேயே வைத்து மூடிவிட்டால் அந்தத் தடைக்கு வேலையே இல்லாமல் போகிறது. அது மட்டுமல்ல, ஓரத்தில் உண்டாகும் காரம் எண்ணெய் சேர்ந்த சாதாரண எனாமலைச் சோப்பாக மாற்றிப் பிடிப்பை அறுத்துவிடுகிறது. கொப்புளம் ஓரம் ஓரமாகப் பெரிதாவது இதனால்தான்.

இதில் கொடுமையான விஷயம், குளோரைடு செலவாவதே இல்லை. இரும்போடு சேர்கிறது, இரும்பு துருவானதும் விடுபடுகிறது, அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. குழியின் அடியில் உட்கார்ந்த கொஞ்சம் உப்பு மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் இந்த உப்பு போகுமா? போகாது. பிரஷ் மேல் பக்கை எடுக்கும். குழிக்குள் இருப்பதை மழமழவென்று மெருகேற்றிவிட்டு வந்துவிடும். உப்பு தண்ணீரில்தான் போகும். நண்பர் வீட்டில் கேட்டைக் கழுவச் சொன்னபோது பெயின்டர் தயங்கினார்.

“தண்ணி ஊத்தினா திரும்பத் துரு புடிக்கும்ல சார்?”

“புடிக்கும்ணே. அது மேலாப்புல மஞ்சளா பூக்குறது, உப்புத்தாள் ஒரு இழுப்புல எடுத்துடும். உள்ள உக்காந்திருக்குற உப்பை உப்புத்தாள் எடுக்காது.”

முறை இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரால் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். பிறகு சுரண்டியும் கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டியும் பக்கையெல்லாம் எடுக்க வேண்டும். அதன்பின் நைலான் பிரஷால் தேய்த்துக்கொண்டே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிதண்ணீர். கடலோர போர் தண்ணீரில் கழுவினால் எடுத்த உப்பை நாமே திரும்பப் பூசுகிறோம். அலசிய கேட்டை ஓர் இரவு அப்படியே விட்டுவிடலாம். காலையில் மற்ற இடமெல்லாம் மெல்லிய மஞ்சளாக இருக்க, சில குழிகளில் மட்டும் கறுத்த ஈரப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே உப்பு மிச்சம் இருக்கிறது. அந்த இடங்களை மட்டும் மறுபடி சுரண்டி அலச வேண்டும். நண்பரின் கேட்டில் அடிச் சட்டத்திலும் கீழ்க் கீலைச் சுற்றியும் இப்படிப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டாம் முறை கழுவிய பிறகு நின்றன. நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, துடைத்து, அன்று மாலைக்குள் முதல் கோட் பிரைமரை அடித்துவிட வேண்டும். தேய்த்த இரும்பைக் கடற்காற்றில் இரவு முழுக்க விட்டால் பழைய கதைதான்.

புது கேட்டுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. உருக்காலையில் சூடாக உருட்டும்போது இரும்பின் மேல் நீலக்கறுப்பாக ஒரு தோல் படிகிறது. பார்க்க உறுதியாக இருக்கும். பட்டறையில் அதன் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்து அனுப்பிவிடுவார்கள். வெயிலிலும் குளிரிலும் அந்தத் தோல் விரிசல் விட்டுப் பெயின்டையும் சேர்த்துக்கொண்டு உதிரும். விரிசலுக்கு அடியில் இரும்பு மிக வேகமாகக் குழி விழும். வெல்டிங் கசடும் தெறிப்பும் கூட இப்படித்தான். பட்டறையிலேயே சாண்ட் பிளாஸ்டிங் செய்து வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பிரைமர் அடிக்காமல் கேட்டை அனுப்பச் சொல்லி, கண்முன்னே கிரைண்டர் போட வைக்கலாம்.

அடுத்தது பிரைமர். ஒரு காலத்தில் இரும்புக்கு அடித்த சிவப்பு ஈயச் செந்தூரம். அது விஷம், ஆனால் துருவை வேதியியல் ரீதியாகவே கட்டுப்படுத்தியது. இன்றைய ரெட் ஆக்சைடில் இருக்கும் சிவப்பு வெறும் இரும்பு ஆக்சைடு. நிறம் ஒட்டிக்கொண்டது, பழைய குணம் இல்லை. வீட்டுக்குள் ஜன்னல் கிரில்லுக்கு அது தாங்கும். கடலோரத்தில் ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமரே சரி. எபாக்சி காரத்துக்கு அசையாது. கொப்புளம் ஓரத்தில் பரவும் வேலை அங்கே நின்றுவிடும். வெயிலில் எபாக்சி வெளுத்து மாவாக உதிரும் என்பதால் மேலே பாலியூரித்தேன், அதாவது பியூ பெயின்ட், அடிக்க வேண்டும். ஆனால் பழைய எனாமல் இருக்கும் இடத்தில் எபாக்சியை நேராக அடித்தால் அதன் தின்னர் எனாமலைச் சுருக்கி எழுப்பிவிடும். ஒரு துணியில் எபாக்சி தின்னரை நனைத்துப் பழைய பெயின்டின் மேல் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். உப்பி வந்தால் இரண்டு வழிதான்: முழுக்க இரும்பு வரை சுரண்டுவது, அல்லது ஜிங்க் பாஸ்பேட் கலந்த எண்ணெய்ப் பிரைமர், எனாமல் என்ற பழைய குடும்பத்திலேயே இருந்துவிடுவது. நண்பர் முழுக்கச் சுரண்டினார்.

பூச்சின் கனத்தைக் கண்ணால் அளக்க முடியாது, டின்னை வைத்து அளக்கலாம். இந்த கேட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து 100 சதுர அடி, அதாவது 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பிரைமரைப் பத்து சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 100 மைக்ரான் கனம் வரும். பிரைமரில் பாதி ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் காய்ந்தபின் 50 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. கடலோரத்துக்கு எல்லாக் கோட்டும் சேர்ந்து 200 மைக்ரானாவது வேண்டும். இதே கேட்டை அரை லிட்டரில் தின்னர் ஊற்றி முடித்துவிட்டால் நமக்கு ஒரு கோட் என்று கணக்கு வரும், இரும்புக்குப் பாதிதான் கிடைக்கும். அதனால் எத்தனை கோட் என்று எண்ணுவதைவிட எத்தனை லிட்டர் தீர்ந்தது என்று கேட்பது மேல்.

இந்தச் சராசரியும் ஓரங்களில் பொய்த்துவிடும். கூரான விளிம்பிலிருந்து ஈரப் பெயின்ட் தானாகப் பின்வாங்கும். கம்பி முனை, தகட்டு விளிம்பு, வெல்டிங் மேடு எல்லாம் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான். கிரைண்டரால் விளிம்பைச் சற்று உருட்டிவிட்டு, இந்த இடங்களுக்கு மட்டும் சின்னப் பிரஷால் தனியாக ஒரு கை கொடுத்துவிட்டு, பிறகு முழுக் கோட் அடிக்க வேண்டும்.

இனி நாள் பார்ப்பது. பொங்கலுக்கு என்று மார்கழியில் அடிப்பது வழக்கம். வருடத்திலேயே பனி அதிகம் இறங்கும் மாதம் அது. விடிகாலை இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் இருக்கும். ஈரத் துணியால் கேட்டின் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் காயாவிட்டால் அன்று பிரஷை எடுக்க வேண்டாம். கறுத்த தகடு கை வைக்க முடியாமல் சுடும் மதிய நேரமும் ஆகாது. மேலே தோல் கட்டி உள்ளே ஊசித்துளைகள் விழும். மாசி, பங்குனியில் பத்து மணிக்குத் தொடங்குவது வசதி.

கடைசியாக, பிரஷ் எட்டாத இடம். தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர் அடிச் சட்டத்தில்தான் தெறிக்கிறது. வெல்டிங் ஓட்டை வழியாகப் பாக்ஸ் பைப்புக்குள்ளும் இறங்குகிறது. வெளியே எவ்வளவு பூசினாலும் பைப் உள்ளிருந்து அரித்து வரும். நண்பரின் கேட்டில் மேல் ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, அடிச் சட்டத்தின் கீழ்ப்புறம் இரண்டு முனையிலும் 8 மில்லிமீட்டர் துளை போட்டார்கள். பிரைமர் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். துளை போட்டதும் ஒரு பக்கத்திலிருந்து செம்பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் வழிந்தது. மாதம் ஒருமுறை குடிதண்ணீரால் கேட்டைக் கழுவும்போது மழை படாத பக்கத்தையும், சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் பால்கனி கிரில்லையும் மறக்கக் கூடாது. மழை கழுவாததால் உப்பு அதிகம் சேர்வது அங்கேதான்.