அடிக்கடி கால் படும் எண்கள்

பத்து விதை ஊன்றினோம், ஏழு முளைத்தது. இந்த விதையின் முளைப்புத்திறன் என்ன? 70 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முளைப்புத்திறன் 60 சதவீதமாக இருந்தாலும் பத்துக்கு ஏழு முளைக்கக்கூடும். 80 சதவீதமாக இருந்தாலும் அப்படித்தான். பத்தே விதையை வைத்துக்கொண்டு ஒரே எண்ணை அடித்துச் சொல்ல முடியாது. எந்த எண்ணுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பிரித்துச் சொல்வதே சரியான பதில். தரவைப் பார்த்த பிறகு கிடைக்கும் இந்தப் பங்கீட்டைப் பின்நிகழ்தகவுப் பரவல் என்பார்கள்.

முன்கூட்டி எந்த எண்ணுக்கும் சலுகை இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் எண்ணின் எடையையும் கணக்கிடுவது எளிது. முளைப்புத்திறன் 0.7 என்றால், முளைத்த ஏழு விதைக்காக 0.7-ஐ ஏழு முறையும், முளைக்காத மூன்றுக்காக 0.3-ஐ மூன்று முறையும் பெருக்க வேண்டும். விடை சுமார் 0.00222. இதே கணக்கில் 0.8-இன் எடை 0.00168. இந்த எடைகளை நிகழ்தகவாக மாற்ற, எல்லா எண்களின் எடையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தெரியாத எண் ஒன்றுதான் என்றால் இது சுலபம். இருபது எண்கள் தெரியாமல், ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்புகளைப் பரிசீலித்தால், 1-க்குப் பின் 40 பூஜ்யங்கள் கொண்ட எண்ணிக்கையில் எடைகளைக் கூட்டியாக வேண்டும். எந்தக் கணினிக்கும் அது ஆகாத காரியம்.

அந்தக் கூட்டுத்தொகையே வேண்டாம் என்று காட்டியது 1953-இல் வெளிவந்த ஓர் இயற்பியல் கட்டுரை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், மேனியாக் என்ற கணினியில், 224 துகள்கள் எப்படி அமையும் என்று ஆராய்ந்தபோது இந்த வழி பிறந்தது. நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் பெயரால் வழங்கும் இந்த முறைக்கு நிரல் எழுதியவர் அரியானா ரோசன்புளூத்.

முறை இதுதான். ஏதாவது ஓர் எண்ணில் நில்லுங்கள். அருகில் உள்ள இன்னோர் எண்ணைக் குருட்டுவாக்கில் தேர்ந்தெடுங்கள். அதன் எடை அதிகம் என்றால் உடனே அங்கே போய்விடுங்கள். குறைவு என்றால் இரண்டு எடைகளின் விகிதத்தைப் பாருங்கள். 0.7-இலிருந்து 0.8-க்குப் போவதானால் விகிதம் சுமார் முக்கால். எனவே நான்கில் மூன்று முறை போகலாம், ஒரு முறை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதும் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் மறுபடி எழுத வேண்டும். போகாத அடியைக் கணக்கில் விட்டுவிட்டால் விடை பிழையாகிவிடும். விகிதம் மட்டுமே தேவைப்படுவதால், அந்தப் பெரிய கூட்டுத்தொகை மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது.

இந்த நடை ஏன் சரியான பரவலைத் தருகிறது? 0.7-இல் 400 பேரும் 0.8-இல் 300 பேரும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். எடைகளின் விகிதமும் ஏறத்தாழ இதுதான். எல்லோரும் எதிர்ப்புறம் போகப் பார்க்கிறார்கள். 0.8-இல் இருப்பவர்களுக்குத் தடையில்லை, 300 பேரும் வந்துவிடுவார்கள். 0.7-இல் இருக்கும் 400 பேரில் முக்கால் பங்கு, அதாவது சராசரியாக 300 பேர் போவார்கள். போனவர்களும் வந்தவர்களும் சமம் என்பதால் 400-க்கு 300 என்ற பங்கு கலையாது. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும் இதே சமன்தான். ஒருவரே நெடுநேரம் நடந்தாலும், ஒவ்வோர் எண்ணிலும் அதன் எடைக்கேற்ற நேரத்தைக் கழித்திருப்பார்.

நம் விதைக் கணக்கில் சில ஆயிரம் அடிகள் நடந்து, குறித்த எண்களின் சராசரியை எடுத்தால் சுமார் 0.67 வரும். குறித்தவற்றில் 95 சதவீதம், ஏறத்தாழ 0.39-க்கும் 0.89-க்கும் இடையில் விழும். பத்து விதை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அடியின் நீளத்தில்தான் சூட்சுமம். அடி மிகச் சிறிதானால் கிட்டத்தட்ட எல்லாமே ஏற்கப்படும், ஆனால் நடை ஓரிடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். மிகப் பெரிதானால் பெரும்பாலும் எடையற்ற எண்களே அகப்படும். நடை நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். ஒரே ஓர் எண்ணைத் தேடும்போது பாதிக்குச் சற்றுக் குறைவான அடிகளும், பல எண்களைத் தேடும்போது கால் பங்கு அடிகளும் ஏற்கப்பட்டால் அளவு சரி என்பது நடைமுறைக் கணக்கு. தொடங்கிய இடத்தின் தாக்கம் மறையும்வரை உள்ள முதல் சில நூறு அடிகளைக் கழித்துவிடுவதும் வழக்கம்.

எடைமிக்க எண்கள் இரண்டு திட்டுகளாகப் பிரிந்து, நடுவே எடையே இல்லாத பரப்பு இருந்தால்தான் உண்மையான ஆபத்து. நடை ஒரு திட்டில் சிக்கி, மற்றதைப் பார்க்காமலே முடிந்துவிடலாம். அதனால்தான் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து நடைகளைத் தொடங்கி ஒப்பிடுகிறார்கள். அவை முரண்பட்டால் விடையை நம்பக் கூடாது. ஒத்துப்போனாலும், எல்லா நடைகளுமே ஒரே திட்டில் சிக்கியிருக்க இடமுண்டு.