துயருறும் நண்பருடன் பார்க்க ஏற்ற திரைப்படம்

மனைவியை இழந்த நண்பருடன் பார்க்க, 2009-இல் வெளிவந்த ‘அப்’ என்னும் அனிமேஷன் படம் பெரும்பாலும் ஏற்றது. மனைவியின் மறைவு தொடக்கத்திலேயே, உரையாடலின்றிச் சில நிமிடங்களில் காட்டப்படுகிறது. எஞ்சிய படம் முதியவர் கார்ல் மீண்டும் வாழத் தொடங்குவதைச் சொல்கிறது. பேசும் நாய் ஒன்றும் உண்டு; அந்தச் சிரிப்பும் தேவைதான்.

ஆயினும் அத்தொடக்கத்தில் குழந்தைப்பேறு கைகூடாத துயரமும் மருத்துவமனைப் படுக்கையும் இடம்பெறுகின்றன. கருச்சிதைவு நேர்ந்தவருக்கும், உறவினரை அண்மையில் மருத்துவமனையில் இழந்தவருக்கும் அவை தாங்கவொண்ணாதவையாகலாம். எனவே முதலில் தனியே பார்த்து, அக்காட்சிகளை நண்பரிடம் முன்கூட்டியே கூறவும். அவர் விரும்பினால் மட்டும் தொடங்கவும்.

அவர் அழுதால் தடுக்க வேண்டியதில்லை. பேச்சற்று உறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ படத்தை நிறுத்தி அருகில் அமரவும். சாக விரும்புவதாகக் கூறினால், தனியே விடாமல் 14416 என்னும் டெலி மனஸ் எண்ணை அழைக்கவும்.