எல்லையில் நிற்கும் நூறு ரூபாய்

ஒரு மளிகைக் கடையில் காலை வியாபாரத்தில் 20 பில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் தொகைகள் இவை: 45, 60, 85, 99.50, 100, 120, 150, 180, 199.50, 200, 240, 275, 310, 380, 450, 500, 500, 640, 820, 1250. மொத்தம் 6,604 ரூபாய். சராசரி 330 ரூபாய் 20 காசு. சராசரியை மட்டும் கேட்பவருக்கு, வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போவதாகத் தோன்றும். ஆனால் 20 பில்லில் 13 பில் அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்கின்றன. மேலே இருக்கும் சில பெரிய பில்கள் சராசரியை இழுத்துவிட்டன.

‘ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்’ என்று பலகை வைக்க நினைக்கும் கடைக்காரருக்குச் சராசரி உதவாது. எந்தத் தொகை வரம்புக்குள் எத்தனை பில் விழுகின்றன என்ற எண்ணிக்கைதான் அவருக்குத் தேவை. பள்ளிக் கணக்கில் இதை நிகழ்வெண் பட்டியல் என்று படித்திருப்போம். எக்செல்லில் அதைப் போட ஒரே ஒரு ஃபார்முலா போதும். அதை எழுதும்போது எல்லைக்கோட்டில் நிற்கும் தொகைகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

பில் தொகைகள் B2 முதல் B21 வரை இருக்கட்டும். D நெடுவரிசையில் ஒவ்வொரு வரம்பும் தொடங்கும் தொகையை எழுத வேண்டும்: D2-இல் 0, கீழே வரிசையாக 100, 200, 500, 1000. வரம்பு முடியும் தொகைக்கு E நெடுவரிசை. அங்கே எண்ணைத் தட்டச்சு செய்யாமல் E2-இல் =D3 என்று கொடுத்து E5 வரை இழுத்துவிடுவது நல்லது. ஒரு வரம்பு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்க வேண்டும் என்பதை அப்போது எக்செல்லே பார்த்துக்கொள்ளும். F2-இல் எழுத வேண்டிய ஃபார்முலா இது:

```
=COUNTIFS($B$2:$B$21,">="&D2,$B$2:$B$21,"<"&E2)
```

ஒரே தொகைப் பட்டியல் இதில் இரண்டு முறை வருகிறது. முதல் ஜோடி ‘தொகை D2-க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும்’ என்கிறது. இரண்டாவது ஜோடி ‘E2-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும்’ என்கிறது. இரண்டு நிபந்தனைக்கும் உட்படும் பில்லை மட்டுமே COUNTIFS எண்ணும். குறியீடு மேற்கோளுக்குள் இருக்க, செல்லின் பெயர் வெளியே நின்று & குறியால் இணைகிறது. இரண்டையும் சேர்த்து ">=D2" என்று மேற்கோளுக்குள் அடைத்தால், எக்செல் D2-ஐ ஒரு செல்லாகப் பார்க்காமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிழை எதுவும் காட்டாமல் விடை 0 என்று வந்து நிற்கும்.

‘ஆயிரமும் அதற்கு மேலும்’ என்ற கடைசி வரம்புக்கு மேல் எல்லை இல்லை. ஆகவே அங்கே ஒரு நிபந்தனை போதும்:

```
=COUNTIFS($B$2:$B$21,">="&D6)
```

விடைகள் வரிசையாக 4, 5, 6, 4, 1 என்று வரும். கூட்டினால் 20.

இப்போது ஃபார்முலாவில் ஒரே ஒரு குறியை மாற்றிப் பார்க்கலாம். "<" இருந்த இடத்தில் "<=" போட்டால் 100 ரூபாய் பில் முதல் வரம்பிலும் எண்ணப்படும், இரண்டாவதிலும் எண்ணப்படும். 200-க்கும் அதே கதி. இரண்டு 500 ரூபாய் பில்களும் அப்படியே இரட்டிக்கும். 20 பில் 24 ஆகிவிடும். நேர்மாறாக, இரண்டு பக்கமும் சமக்குறி இல்லாமல் ">" என்றும் "<" என்றும் எழுதினால், அதே நான்கு பில்களும் எந்த வரம்பிலும் சேராது. கூட்டுத்தொகை 16-இல் நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க நினைப்பவர்கள் பலர் வரம்புகளை 0–99, 100–199, 200–499 என்று பிரித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சமக்குறி போடுவார்கள். முழு ரூபாய் மட்டும் வரும் கணக்கில் இது சரியாகவே நடக்கும். நம் பட்டியலில் 99.50-உம் 199.50-உம் இருக்கின்றன. 99-ஐத் தாண்டிய, 100-ஐ எட்டாத அந்த இடைவெளியில் விழுந்த ஐம்பது காசு பில்லுக்கு எந்த வரம்பிலும் இடமில்லை. கூட்டினால் 18. காசு புழங்கும் கணக்கில் ‘தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே’ என்ற ஏற்பாடுதான் ஓட்டையில்லாதது.

COUNTIFS எக்செல்லின் 2007 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு COUNTIF-ஐ வைத்துக் கழித்து எண்ணுவது வழக்கம். 100-உம் அதற்கு மேலும் 16 பில். 200-உம் அதற்கு மேலும் 11 பில். வித்தியாசமான 5 தான் இடைப்பட்ட வரம்பின் எண்ணிக்கை. புதிய ஃபார்முலாவின் விடையில் சந்தேகம் வந்தால் இந்தப் பழைய வழியில் சரிபார்த்துக்கொள்ளலாம். எக்செல்லிலேயே FREQUENCY என்று இன்னொரு ஃபார்முலாவும் உண்டு. அது எல்லைத் தொகையைக் கீழ் வரம்போடு சேர்க்கும். அதாவது 100 ரூபாய் பில் ‘நூறு வரை’ என்பதில் விழும். இரண்டு ஃபார்முலாவும் ஒரே பட்டியலுக்கு வேறு வேறு விடை தந்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கூட்டுத்தொகையைச் சரிபார்க்காமல் பட்டியலை நம்பக் கூடாது. அதைச் சரிபார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பில் போடும் மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பில், பார்வைக்கு எண்ணாகத் தெரியும் தொகை சில சமயம் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். 640 அப்படி இருந்தால், மேலே எழுதிய ஃபார்முலா அதைத் தொடாது. பட்டியலின் கூட்டு 19 ஆகும். எண்களை மட்டும் எண்ணும் COUNT-உம் 19 என்றே சொல்லும். இரண்டும் பொருந்துவதால் எல்லாம் சரி என்று தோன்றிவிடும். COUNTA காலியில்லாத எல்லாச் செல்லையும் எண்ணுவதால் அது 20 என்று சொல்லும், ஒன்று விடுபட்டது தெரிந்துவிடும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் தொகைகளை முதலில் சந்தேகப்படலாம். பெரும்பாலும் மூலையில் சிறிய பச்சை முக்கோணமும் தெரியும். திருப்பிக் கொடுத்த சரக்குக்கான கழிவுத் தொகை -60 என்று பதிவாகியிருந்தாலும், 0-இல் தொடங்கும் முதல் வரம்பு அதைச் சேர்க்காது.

கடைக்காரரின் பலகைக்கு வருவோம். 500-உம் அதற்கு மேலும் 5 பில்கள்தான் இருக்கின்றன. D5-இல் இருக்கும் 500-ஐ 300 ஆக்கினால் பட்டியல் தானே மாறி 4, 5, 3, 7, 1 என்று நிற்கும். இலவச டெலிவரி 8 பில்களுக்குப் போகும். ஃபார்முலாவைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

எண்ணிக்கையைப் படிக்கும்போது வரம்பின் அகலத்தையும் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய பட்டியலில் 200–500 வரம்பில் 6 பில், 100–200 வரம்பில் 5 பில். முன்னதில்தான் கூட்டம் அதிகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது மூன்று மடங்கு அகலமான வரம்பு. நூறு ரூபாய்க்கு இரண்டு பில் வீதம்தான் தேறுகிறது. நெருக்கம் அதிகம் இருப்பது 100–200-இல்தான். இந்தியாவின் வேளாண் கணக்கெடுப்பும் நிலவுடைமையை ஒரு ஹெக்டேருக்குக் குறைவு, 1–2, 2–4, 4–10, பத்தும் அதற்கு மேலும் என்று சமமில்லாத அகலங்களில்தான் பிரிக்கிறது. அங்கேயும் 4–10 பிரிவின் எண்ணிக்கையை 1–2 பிரிவோடு நேராக ஒப்பிட முடியாது. வரைபடம் போடுகிறவர்கள் எண்ணிக்கையை வரம்பின் அகலத்தால் வகுத்துத் தூணின் உயரத்தைக் குறிக்க வேண்டும். மேல் எல்லை இல்லாத கடைசி வரம்பை அப்படி வகுக்க வழியில்லாததால், அதன் எண்ணிக்கையைத் தனியாக எழுதிவிடலாம்.