வெள்ளையில் வெள்ளைக் கோடு

விடுதி அறைகளில் விரித்திருக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பார்த்திருப்பீர்கள். விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு பட்டை, அடுத்து மங்கலாக ஒரு பட்டை, மறுபடியும் பளபளப்பு. அந்தக் கோட்டுக்கென்று தனிச் சாயம் கிடையாது. இரண்டு பட்டைகளிலும் ஒரே வெள்ளை நூல்தான். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் மின்னிய பட்டை மங்கிவிடும், மங்கியிருந்தது மின்னும்.

காரணம் நெசவில் இருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே நாடா கொண்டுவரும் நூல் ஊடை. ஒரு நூல் மற்றதன் அடியில் புகாமல் எத்தனை நூலைத் தாண்டி மேலேயே கிடக்கிறது என்பதுதான் கணக்கு. அதை இங்கே மிதப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

வேட்டி, லுங்கி, மல் துணி எல்லாம் சாதா நெசவு. ஒன்றின் மேல், ஒன்றின் அடியில், மிதப்பு 1. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் மூன்று ஊடைகளைத் தாண்டி நான்காவதன் அடியில் புகும், மிதப்பு 3. இது ட்வில். ஐந்திழை சாட்டினில் நான்கைத் தாண்டி ஐந்தாவதன் அடியில் புகும், மிதப்பு 4. எட்டிழை சாட்டினில் 7. ஒரு பாவு நூல் 20 ஊடைகளைக் கடந்து போவதாக வைத்துக்கொண்டால், சாதா நெசவில் அது 20 தடவை மேலும் கீழும் மாறும். ஜீன்ஸ் ட்வில்லில் 10 தடவை, ஐந்திழை சாட்டினில் 8 தடவைதான்.

ட்வில்லுக்கும் ஐந்திழை சாட்டினுக்கும் மிதப்பில் ஒன்றுதானே வித்தியாசம், பிறகு ஏன் ஒன்று கோடு கோடாகவும் மற்றது வழவழவென்றும் இருக்கிறது? நூல் எந்த இடத்தில் அடியில் புகுகிறது என்பதைப் பொறுத்தது அது. ட்வில்லில் முதல் ஊடைக்கு 1-ஆம் பாவு அடியில் போனால், அடுத்த ஊடைக்கு 2, பிறகு 3, பிறகு 4. அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படிக்கட்டுபோல ஏறுவதால் சாய்ந்த வரி தெரிகிறது. சாட்டினில் வரிசை 1, 3, 5, 2, 4. எந்தப் புள்ளியும் இன்னொன்றின் பக்கத்தில் விழாது. இரு புறமும் மிதக்கும் நூல்கள் சற்றே சரிந்து அந்தப் பள்ளத்தை மூடிக்கொள்கின்றன. ஆறு இழையில் இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டோ மூன்றோ தள்ளிப் போனால், சில நூல்கள் ஒருமுறைகூடப் பின்னப்படாமல் விட்டுப்போகும். ஒன்று ஒன்றாகத் தள்ளினால் ட்வில் ஆகிவிடும். அதனால்தான் சாட்டின் என்றால் ஐந்து, எட்டு என்றே பேச்சு.

ஒரே திசையில் நேராகக் கிடக்கும் நூல்கள் வெளிச்சத்தை ஒன்றுசேர்ந்து ஒரே பக்கம் திருப்பும். அடிக்கடி வளையும் நூல் அதைச் சிதறடிக்கும். விடுதி விரிப்பில் ஒரு பட்டையில் பாவு மிதக்கிறது, அடுத்ததில் ஊடை மிதக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கோடு. ஆனால் பளபளப்பெல்லாம் நெசவுக்கே சொந்தமில்லை. காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் உடல் சாதா நெசவுதான். பட்டு இழையே மின்னுகிறது.

வலுவைப் பற்றிப் பலரும் நினைப்பது பாதிதான் சரி. நூல் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் சாதா நெசவுதான் கிழியாது என்று தோன்றும். துணிக்கடையில் மல் துணி வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, இரு கையாலும் இழுத்தால் ‘டர்’ரென்று நேர்கோட்டில் கிழிந்துகொண்டே போகும். ஒவ்வொரு நூலும் பின்னலில் இறுகி நகர முடியாமல் நிற்பதால், கிழிசல் வந்து சேரும்போது தனியாகவே அறுபடுகிறது. ட்வில்லிலும் சாட்டினிலும் நூல்கள் நழுவி, கிழிசலின் முனையில் நாலைந்தாகத் திரண்டுகொள்ளும். பாரத்தைச் சேர்ந்து தாங்கும். அதே நூலால் நெய்தாலும் கிழிப்பது கடினம். போதாக்குறைக்கு, பின்னல் குறைவாக இருப்பதால் ட்வில்லில் நூலை இன்னும் நெருக்கி அடுக்கலாம். உழைப்பாளிகளின் கால்சட்டைக்கு ஜீன்ஸ் துணி பொருந்தியது இப்படித்தான்.

அப்படியானால் இன்னும் நீளமாக மிதக்கும் சாட்டின்தான் எல்லாவற்றிலும் உறுதியா? கிழிசலை அது நன்றாகவே தாங்கும். உராய்வில்தான் தோற்கிறது. மெட்டியோ உடைந்த நகமோ பட்டால் மிதக்கும் நூல் வளையமாக எழும்பிவிடும். அதை இழுத்தால் பக்கத்தில் சுருக்கம் விழும். பருத்தி சாட்டின் விரிப்பு பல சலவைக்குப் பின் படுக்கும் இடத்தில் மட்டும் மங்கிப்போவதும் இதனால்தான்: மிதப்புகள் தேய்ந்து பஞ்சு மயிர் கிளம்பிவிடுகிறது. தையலிலும் ஒரு சங்கடம் உண்டு. இறுக்கமான சாட்டின் ரவிக்கையில் தையல் அறுபடாமலே, அதை ஒட்டிய நூல்கள் விலகி ஏணிபோல இடைவெளி விடும். அனுபவமுள்ள தையற்காரர்கள் சாட்டின் ரவிக்கை வெட்டும்போது உள்தையலுக்குக் கூடுதலாகத் துணி விட்டு, உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தளர்வாகவே தைப்பார்கள்.