ஏழு நாளா, முப்பது நாளா?

ஒரு பெரிய கணக்கெடுப்புக்குமுன் சில வீடுகளில் மட்டும் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்ப்பதே முன்னோட்ட ஆய்வு. கேள்வி புரிகிறதா, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பவை அதில் தெரிந்துவிடும். கிடைக்கும் பதில் உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அறிவதுதான் கடினம். இந்தியாவின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இது வறுமைக் கணக்கையே புரட்டிப்போட்டது.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாக, கடந்த 30 நாட்களில் உணவுக்கு என்ன செலவானது என்றே கேட்டுவந்தது. ஒரு மாதத்துச் செலவு மறந்துபோகும் என்ற ஐயத்தில், 1994 முதல் 1998 வரை சில வீடுகளில் 30 நாள் கேள்வியும் வேறு வீடுகளில் 7 நாள் கேள்வியும் கேட்கப்பட்டன. 7 நாள் கேள்வியில் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது. துணிமணி போன்ற அபூர்வச் செலவுகளுக்கான காலமும் இதோடு ஓராண்டாக நீட்டப்பட்டிருந்தது. அந்தப் படிவத்தின்படி ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது.

கூடுதலாக வந்ததால் அது சரியாகிவிடாது. மாதக் கேள்வியில் சில செலவுகள் மறந்துபோகலாம்; வாரக் கேள்வியில் பத்து நாளுக்கு முன் வாங்கியதும் இந்த வாரக் கணக்கில் புகுந்துவிடலாம். எந்தப் பக்கம் பிழை என்று சொல்ல அந்தச் சோதனையில் அளவுகோல் இல்லை. அதைத் தீர்க்காமலே 1999-2000 கணக்கெடுப்பில் இரு கேள்விகளையும் ஒரே படிவத்தில் அருகருகே வைத்தார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் அதற்குப் பொருந்தும்படி மற்றதையும் சொல்லியிருக்கக்கூடும். இரண்டு கணக்குகளும் நெருங்கிவந்தன. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும் வாய்ப்புதான் கெட்டது.

தனியாக நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வில் அளவுகோலும் சேர்க்கப்பட்டது. ஒரு பிரிவு வீடுகளில் வாரக் கேள்வி, இன்னொரு பிரிவில் மாதக் கேள்வி, மூன்றாவது பிரிவில் களப்பணியாளர் தினமும் சென்று நுகர்வைப் பதிவுசெய்தார். தினமும் ஒருவர் வந்து கேட்டால் வீட்டுப் பழக்கமே சற்று மாறலாம் என்பது உண்மைதான். ஆனாலும் நினைவை நம்புவதைவிட அது மேல். முடிவு யாரும் எதிர்பார்த்தபடி ஒருபக்கமாக இல்லை. தானியங்களுக்கு மாதக் கேள்வியே நெருக்கமாக வந்தது. காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சிக்கு வாரக் கேள்வி பொருந்தியது. மாதச் சாமானாக மொத்தமாக வாங்குவது மாதக் கணக்கில் நினைவிருக்கும். அவ்வப்போது சில்லறையாக வாங்குவது சில நாட்களில் மறந்துவிடும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

இறுதிப் படிவம் இந்தப் பிளவை அப்படியே ஏற்றது. 2009-10-இல் வந்த புதிய வடிவத்தில் அரிசி, பருப்பு, பால், சர்க்கரைக்கு 30 நாள். சமையல் எண்ணெய், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, மசாலா, வெளியில் வாங்கும் பலகாரத்துக்கு 7 நாள். துணி, செருப்பு, கல்வி, மருத்துவமனைச் செலவுக்கு 365 நாள். பழைய தொடர் அறுந்துபோகாதிருக்க 2009-10, 2011-12 ஆகிய இரு சுற்றுகளிலும் முந்தைய படிவமும் வேறு வீடுகளில் தனியாகக் கேட்கப்பட்டது. இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கவில்லை. 2022-23 கணக்கெடுப்பிலும் இந்த மூன்று காலவரைகளே தொடர்ந்தன.