ஒன்று மிஞ்சும் கணக்கு

போடிமெட்டில் ஏலக்காய் உலர்த்த 12 அடிக்கு 12 அடியில் ஒரு சதுர அறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வானம் தோண்டுமுன் எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடித்தால் ஏறக்குறைய 17 அடி வரவேண்டும். ஏன் ஏறக்குறைய? பித்தாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தின் வர்க்கம் 144-உம் 144-உம் சேர்ந்த 288. ஆனால் 17-இன் வர்க்கம் 289. ஒன்று மிஞ்சுகிறது. உண்மையான நீளம் 17 அடிக்கு மூன்றில் ஒரு அங்குலம் போலக் குறைவு. கட்டடத்துக்கு அது பொருட்டில்லை. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் வேள்வி மேடை அமைக்கத் தரும் விதி இன்னும் நுட்பமானது. அதைச் சுருக்கினால், மூலைவிட்டம் பக்கத்தைப்போல் 577/408 மடங்கு. 577-இன் வர்க்கம் 3,32,929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 3,32,928. இங்கேயும் ஒன்று மிஞ்சுகிறது.

இன்னும் பெரிய எண்களைத் தேடினால் அந்த ஒன்றும் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எண்களுக்கு முடிவில்லை என்பதால் தேடித்தேடி விடை சொல்ல முடியாது. எனவே வர்க்கம் சரியாக 2 ஆகும் ஒரு பின்னம் கிடைத்தே விட்டது என்று ஒப்புக்கொண்டு தொடங்குவோம். அதை p/q என்போம். பொதுக் காரணிகளை அடித்துச் சுருக்கியாயிற்று. ஆகவே p, q இரண்டுமே இரட்டைப்படையாக இருக்க முடியாது. இந்த நிபந்தனையை மறக்க வேண்டாம், கடைசியில் உடையப்போவது இதுதான். p/q-இன் வர்க்கம் 2 என்றால் p² = 2q². வலப்பக்கம் இரட்டைப்படை, எனவே p² இரட்டைப்படை. ஒற்றைப்படை எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஒற்றைப்படைதான் வரும். ஆகவே p-யும் இரட்டைப்படையே. அதை 2r என்று எழுதலாம். இப்போது 4r² = 2q²; இருபுறமும் இரண்டால் வகுத்தால் q² = 2r². p-க்குச் சொன்ன அதே காரணத்தால் q-வும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டைப்படை என்றாகிவிட்டது; சுருக்கி முடித்த பின்னத்தில் இது நடக்காது. இடையில் எந்த வரியிலும் பிழையில்லை. ஆகவே தவறு முதல் வரியில்: அப்படியொரு பின்னமே கிடையாது. இந்த வாதத்தில் எண்ணின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 12-க்குச் செல்லும் காரணம் கோடி இலக்க எண்ணுக்கும் செல்லும்.

இதே வாதத்தை √4-க்கு வைத்து அதையும் பின்னமில்லை என்று காட்டிவிடலாமே என்று ஒரு மறுப்பு எழலாம். வைத்துப் பார்ப்போம். p² = 4q² என்பதால் p இரட்டைப்படை; p = 2r என்றால் 4r² = 4q², அதாவது r² = q². அவ்வளவுதான். q இரட்டைப்படை என்று சொல்ல இங்கே வழியில்லை, முரண்பாடும் இல்லை. √4-இன் மதிப்பு 2 என்பதால் இருக்கவும் கூடாது. நிறுவல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

இனி √3-ஐ நீங்களே எழுதிப் பாருங்கள். இரட்டைப்படை என்று வரும் இடங்களிலெல்லாம் மூன்றால் வகுபடும் எண் என்று வையுங்கள். மூன்றால் வகுபடாத எண்ணின் வர்க்கமும் மூன்றால் வகுபடாது என்பதை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.